நான்கு அலாரமும் ஒரு தீப்பெட்டியும்

விடுமுறைக்குக் கொழும்பு வரும் பிள்ளைகள் திரும்பிப் போகுமுன் அப்பாவின் போனில் நான்கு அலாரம் வைத்துவிட்டுப் போகிறார்கள். காலமை 6:00 மணிக்கு நடை, 7:30க்குப் பூசை, 11:00 மணிக்கு யாரோடாவது கதைக்க, பின்னேரம் 4:00 மணிக்குப் புதிதாக ஏதாவது படிக்க. ஓய்வுபெற்றவர் ஒருவர் இருக்கும் எத்தனையோ வீடுகளில் இது இப்போது வழக்கமாகிவிட்டது. இரண்டாம் கிழமை அந்தப் போனை எடுத்துப் பார்த்தால் மூன்று அலாரம் நிறுத்தப்பட்டிருக்கும். நாலாவது அடிக்கும், அடித்துக்கொண்டே இருக்கும், கடைசியில் அம்மா வந்து நிற்பாட்டுவார். அப்பாவுக்கு அக்கறை இல்லை என்று பிள்ளைகள் வருத்தப்படுகிறார்கள். இந்தச் சத்தம் தன்னைக் குழந்தையாக்குகிறது என்று அப்பா வருத்தப்படுகிறார். இரண்டு வருத்தமும் நியாயமானவை. ஆனால் பிழை இருப்பது வேறிடத்தில்.

அலாரம் என்பது மறந்துவிடுகிறவருக்கான கருவி. ஓய்வுபெற்றவர்களில் பெரும்பாலானோர் நடையை மறப்பதில்லை, பிற்போடுகிறார்கள். ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும்போது அவர் முழித்துத்தான் இருக்கிறார், நடக்க வேண்டும் என்பதும் தெரியும். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவோம், பேப்பரைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று இருக்கும்போது எட்டு மணி வெயில் வந்துவிடுகிறது. வேலைக்குப் போன காலத்தில் 7:10 பஸ் அவரை இழுத்துக்கொண்டு போனது. இன்று அவரை இழுக்க எதுவும் இல்லை. பிற்போடுகிறவருக்கு இன்னொரு மணியோசை உதவாது. ஒவ்வொரு வேலையையும் ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒன்றின் வாலில் கட்டிவிட வேண்டும்.

இது வெறும் ஊகமா என்று பார்க்க ஒரு கிழமை போதும். சுவரில் தொங்கும் கலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் நான்கு சிறிய அடையாளம் போடுங்கள். செய்தால் ஒரு கோடு. செய்யாவிட்டால், அடியோடு ஞாபகம் வராமல் போயிருந்தால் 'ம', ஞாபகம் வந்தும் தள்ளிப்போட்டிருந்தால் 'த'. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவரே, தன் கையால் போட வேண்டும். மகனோ மனைவியோ போட்டால் அது வரவுப் பதிவேடாகிவிடும், உண்மை வராது. ஏழு நாள் முடிய எண்ணிப் பாருங்கள். 'ம' அதிகம் என்றால் அலாரத்துக்கு வேலை இருக்கிறது. 'த' அதிகம் என்றால் அலாரத்தை எடுத்துவிட்டு நாளின் ஒழுங்கை மாற்றுங்கள். நடை, பூசை, கதை, படிப்பு என்ற நான்குக்கும் ஒரே விடை வராது என்பதையும் கவனியுங்கள். பூசைக்கு அநேகமாக ஏழு கோடும் இருக்கும். அந்த ஏழு கோடுகள்தான் இந்தக் கட்டுரையின் மிச்சம் முழுவதற்கும் அடிப்படை.

மணியும் கொளுவியும்

பிறகு செய்ய வேண்டிய ஒன்றை ஞாபகத்தில் வைப்பதற்கு மனம் இரண்டு வழிகளைக் கையாளுகிறது. ஒன்று, "பதினொரு மணிக்குச் செய்ய வேண்டும்" என்பது. மற்றது, "விளக்கு ஏற்றியதும் செய்ய வேண்டும்" என்பது. ஐன்ஸ்டைன், மக்டானியல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1990 முதல் இந்த இரண்டையும் பிரித்து ஆராய்ந்தார்கள். முதல் வகையில் நாமே இடைக்கிடை மணியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவதில் விளக்கே வந்து தட்டிச் சொல்கிறது. வயது ஏற ஏற முதல் வகைதான் கூடச் சிரமம் தருகிறது. அலாரம் வைத்தால் மணி பார்க்கும் சுமை குறையும், உண்மைதான். ஆனால் அலாரம் அடிக்கிற நொடியில் அவர் குளியலறையில் இருக்கலாம், மீன்காரரோடு கதைத்துக்கொண்டிருக்கலாம், போன் ஹோலில் சார்ஜில் கிடக்கலாம். விளக்கு ஏற்றிய நொடியில் அவர் விளக்கின் முன்னால்தான் நிற்கிறார்.

ஆகவே பூசைக்கு அலாரம் வைக்காதீர்கள். நாளில் இருக்கிற ஆக உறுதியான கொளுவி அதுதான், மற்றவற்றை அதில் தொங்கவிட வேண்டும். கொழும்பில் இதற்கு இன்னொரு வசதியும் உண்டு. இங்கே சூரியன் மறையும் நேரம் வருடம் முழுக்க முக்கால் மணித்தியாலத்துக்குள்தான் அசைகிறது. நவம்பரில் ஆறு மணிக்குச் சற்று முன், ஜூலையில் ஆறரையை ஒட்டி. அதனால் ஆறு மணி விளக்கு வருடம் முழுக்க ஆறு மணி விளக்குத்தான். ஐந்து வேளை தொழுகிறவருக்கு நாள் ஏற்கெனவே ஐந்தாகப் பிரிந்து கிடக்கிறது. அவருடைய நடை சுபஹுத் தொழுகையின் வாலில் இயல்பாகவே வந்து விழும். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாருக்குப் போகிறவர் அந்த நாளின் நடையைத் தனியாகத் தேட வேண்டாம், இரண்டு தரிப்பிடம் முன்னால் இறங்கினால் போதும்.

ஒருவரின் நாள்

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 67. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் தொடர்மாடியொன்றின் மூன்றாம் மாடி. மனைவியும் அவரும்தான். மகள் டொரொண்டோவில். சீனி வருத்தத்துக்கு கிளிக்லஸைட் எடுக்கிறார், பிரஷருக்கும் ஒரு குளிசை. அவருடைய கலண்டரில் முதல் கிழமை இப்படி இருக்கிறது: பூசைக்கு ஏழு கோடு, நடைக்கு இரண்டு கோடு ஐந்து 'த', கதைக்கு மூன்று கோடு நான்கு 'ம', படிப்புக்கு ஒரு கோடுகூட இல்லை.

நடையைப் பாருங்கள். அவர் ஐந்தரைக்கு எழும்பி, முகம் கழுவி, திருநீறு பூசி, சுவாமிப் படத்தின் முன் நின்று ஒரு தேவாரம் சொல்கிறார். அதன் பிறகு கதிரையில் இருக்கிறார். எல்லாம் குழம்புவது அந்தக் கதிரையில்தான். தேவாரம் முடிந்ததும் உட்காராமல் நேரே வாசலுக்குப் போக வேண்டும் என்றால் வாசலில் மூன்று சாமான் முதல் நாள் இரவே இருக்க வேண்டும்: குதிக்காலை மூடிப் பிடிக்கிற சப்பாத்து, வீட்டுத் திறப்பு, சட்டைப் பையில் போட நாலைந்து டொபி. பாட்டாவோடு நடக்கிறவர்கள் மழை ஈரத்தில் வழுக்குகிறார்கள், விரலால் செருப்பை இழுத்துப் பிடித்து நடப்பதால் கெண்டைக்காலும் நோகிறது.

டொபி கிளிக்லஸைட்டுக்காக. இந்தக் குளிசையோ இன்சுலினோ எடுக்கிறவர் வெறும் வயிற்றில் விறுவிறென்று நடந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். திடீர் வியர்வை, கை நடுக்கம், பொறுக்க முடியாத பசி, தலை கிறுகிறுப்பு என்று வந்தால் அந்த இடத்திலேயே இருந்து டொபியைச் சாப்பிட வேண்டும், வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று நடக்கக் கூடாது. போகுமுன் தேத்தண்ணியோடு இரண்டு மாரி பிஸ்கற் என்பது ஒரு வழி. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பது இன்னொரு வழி, சாப்பாட்டுக்குப் பிந்திய சீனி ஏற்றத்தையும் அது குறைக்கும். எது பொருந்தும் என்பதை மருந்து எழுதிய டொக்டரிடம் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். மெற்ஃபோமின் மட்டும் எடுக்கிறவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

இவர் மரின் டிரைவில் வடக்கே பம்பலப்பிட்டிப் பக்கம் பதினைந்து நிமிடம் நடந்து, அங்கிருந்து திரும்புகிறார். தூரத்தை அளக்க வேண்டாம், போகும்போது பதினைந்து நிமிடம் பார்த்தால் திரும்பி வர அவ்வளவுதான். கிழமைக்கு ஐந்து நாள் என்றால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் நிறைகிறது. வேகத்துக்கு மணிக்கூடு தேவையில்லை. பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. தேவாரத்தை முழுதாகப் பாடிக்கொண்டு நடக்க முடிகிறதென்றால் கொஞ்சம் எட்டி நடக்கலாம். ஒக்டோபர், நவம்பர் இடிமழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான் வரும், காலை நடைக்கு அது தடையில்லை. மே, ஜூனில் விடியக்காலையிலும் கொட்டும். அன்றைக்குத் தொடர்மாடியின் ஓடையே தெரு. ஓடை இருபத்தைந்து மீற்றர் நீளமென்றால் இருபது தரம் போய் வர ஒரு கிலோமீற்றர். ஈரமான படிக்கட்டில் உடற்பயிற்சி வேண்டாம்.

மார்ச் மாதம் நின்றுபோன நடை

இப்படி நவம்பரில் தொடங்கிய நடை பெப்ரவரி வரை ஒழுங்காகப் போய், மார்ச் இரண்டாம் கிழமையில் நின்றுவிடுகிறது என்று வைப்போம். வெக்கை கூடிவிட்டது, முழங்கால் நோ என்று வீட்டில் பேச்சு. கலண்டரைப் புரட்டினால் 'த' எல்லாம் ஒரே நாளிலிருந்து தொடங்குகிறது: மார்ச் 9, திங்கட்கிழமை. முழங்காலுக்கு அவ்வளவு துல்லியமாக நாள் தெரியாது.

2026இல் மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை டொரொண்டோவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளுகிறார்கள். மகள் பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு அவர்களுடைய இரவு எட்டரைக்குக் கோல் எடுப்பவள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம், அவளுடைய எட்டரை இங்கே காலமை ஏழு. அப்பா நடந்து, குளித்து, தேத்தண்ணியோடு இருக்கிற நேரம். மார்ச்சில் வித்தியாசம் ஒன்பதரையாகிறது. அவளுடைய அதே எட்டரை இங்கே காலமை ஆறு. சப்பாத்துப் போடக் குனிகிற நேரத்தில் போன் அடிக்கிறது. "அப்பா, எழும்பிட்டீங்களோ?" என்றால், "ஓம் பிள்ளை, சும்மாதான் இருக்கிறன்" என்பார். எந்த அப்பாவும் அப்படித்தான் சொல்வார். நாற்பது நிமிடம் போகிறது, வெயில் ஏறுகிறது, நடை போய்விடுகிறது. யாரும் எதையும் மாற்றவில்லை என்று இரண்டு பக்கமும் நம்பிக்கொண்டிருப்பதால் காரணம் கண்ணில் படுவதே இல்லை.

நாலு வேலைகளில் இந்தக் கோல் ஒன்று மட்டும் இன்னொரு நாட்டின் மணிக்கூட்டுக்குக் கட்டுப்பட்டது. இலங்கையின் நேரம் வருடம் முழுக்க அசையாமல் நிற்கும், எதிர்ப்பக்கம் அசையும். டொரொண்டோ மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாறுகிறது. இங்கிலாந்து மார்ச்சிலும் ஒக்டோபரிலும் கடைசி ஞாயிறு. மகன் லண்டனிலும் மகள் டொரொண்டோவிலும் இருந்தால், 2026இல் மார்ச் 8 தொடங்கி 29 வரை மூன்று கிழமைக்கு மூவரும் சேர்ந்த கோல் யாராவது ஒருவருக்குப் பொருந்தாமல் நிற்கும். சிட்னியில் பிள்ளை இருந்தால் இன்னும் சிக்கல். அங்கே ஏப்ரல் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்கும் ஒக்டோபர் முதல் ஞாயிறு முன்னுக்கும் வைக்கிறார்கள், நம் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் எதிரெதிராக நகர்கிறார்கள்.

இங்கேதான் போனுக்கு உண்மையான வேலை. ஆனால் மணிக்கூட்டு அலாரத்தால் அது முடியாது, அதற்குக் கொழும்பு நேரம் மட்டும்தான் தெரியும். கூகிள் கலண்டரில் ஒரு நிகழ்வைப் போட்டு, நேரத்துக்குக் கீழே உள்ள `Time zone` என்ற வரியில் டொரொண்டோவைத் தெரிவு செய்து, நேரத்தை அவர்களுடைய கணக்கில் கொடுத்து, கிழமைதோறும் வரும்படி வைக்க வேண்டும். மார்ச்சில் கனடா நகர்ந்தால் அப்பாவின் போனில் அந்த நிகழ்வும் தானாக நகரும், சனிக்கிழமையே அடுத்த கிழமையைப் பார்த்தால் மாற்றம் தெரிந்துவிடும். சில போன்கள் மின்கலத்தைச் சேமிப்பதற்காகக் கலண்டரின் அறிவிப்பைப் பிந்தி விடும், அல்லது விடவே விடாது. அறிவிப்பு பத்து நிமிடம் பிந்தி வருவதைக் கண்டால் செற்றிங்ஸில் அந்தச் செயலியின் `Battery` பகுதிக்குப் போய் `Unrestricted` என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். மணிக்கூட்டு அலாரத்துக்கு இந்தப் பிரச்சினை வருவதில்லை.

அதைவிட நல்லது கோலையே இடம் மாற்றுவது. சனியும் ஞாயிறும் இங்கே இரவு ஏழரை என்று வைத்தால் டொரொண்டோவில் குளிர்காலத்தில் காலை ஒன்பது, கோடையில் பத்து. இரண்டுமே அவளுக்கு வசதி, பேரப்பிள்ளைகளும் முழித்திருப்பார்கள். அப்பாவின் பக்கம் எதுவும் அசையாது, விளக்கு ஏற்றி முடிந்த பிறகு வருகிற நேரம் அது. காலமை ஆறு மணி நடைக்கே திரும்பிவிடுகிறது.

அப்போது மற்ற ஐந்து நாள் யாரோடு கதைப்பது? கதை என்ற வரியில் இவருக்கு ஏன் அத்தனை 'ம' விழுந்தது என்பதற்கும் இங்கேதான் விடை. "யாருக்காவது கோல் எடுக்க" என்று பதினொரு மணிக்கு ஒரு அலாரம் அடித்தால் யாருக்கு, என்ன கதைக்க என்ற இரண்டு கேள்வி உடனே எழும்புகிறது. இரண்டுக்கும் விடை தேடுவதற்குள் மனம் வேறெங்கோ போய்விடுகிறது. பெயர் முதலே தீர்ந்திருக்க வேண்டும். பழைய அலுவலக நண்பர், ஊரிலிருக்கும் தங்கச்சி, முன்பு பக்கத்து வீட்டிலிருந்து தெஹிவளைக்கு மாறிப் போனவர், இப்படி ஐந்து பெயரைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு அட்டையில் எழுதி, சுவாமித்தட்டில் தீப்பெட்டிக்கு அடியில் வைத்தால் போதும். ஆறு மணிக்கு விளக்கு ஏற்றத் தீப்பெட்டியை எடுக்காமல் முடியாது, எடுத்தால் அன்றைய பெயர் கண்ணில் படாமலும் இராது. பெயருக்குப் பக்கத்தில் போன தடவை கதைத்ததில் ஒரு சொல்லையும் எழுதி வைக்கலாம்: "கண் ஒப்பரேஷன்", "மகளின் கலியாணம்". அடுத்த கோலின் முதல் வசனம் அதுதான். பத்து நிமிடம் போதும். இரண்டு தடவை எடுக்காதவரை மூன்றாம் கிழமையும் தொந்தரவு செய்யாமல் அந்த நாளுக்கு வேறொருவரைப் போடுங்கள். எடுக்காத இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது இந்த வயதில் நெஞ்சை வாட்டும் வேலை.

படிப்பு விழுந்த இடம்

பின்னேரம் நாலு மணி என்பது பிள்ளைகள் போட்ட நேரம். கொழும்பு வெக்கையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்து எழும்பியவருக்கு அப்போது தலை தெளிந்திருக்காது. படிப்பைப் பத்து மணிக்கு, பேப்பரின் வாலில் கட்ட வேண்டும். பேப்பரை மடித்து வைத்ததும் அதே மேசையில் இருபது நிமிடம்.

ஆனால் "புதிதாக ஏதாவது" என்ற சொல்லும் "யாருக்காவது" போன்றதுதான். பொருள் ஒன்றாக, முடிவு தெரிவதாக, வெளியே போனால் உடனே பயன்படுவதாக இருக்க வேண்டும். கொழும்பில் நாற்பது வருடம் இருந்து சிங்களம் தண்ணீர் மாதிரிக் கதைக்கிற, ஆனால் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாத தமிழர் ஏராளம். இவரும் அப்படித்தான். மொழி கையில் இருக்கிறது, எழுத்து மட்டும்தான் இல்லை. ஓய்வுகாலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

நாளுக்கு மூன்று எழுத்து, அதற்கு மேல் வேண்டாம். ஒரு அட்டையின் முன்பக்கம் எழுத்து, பின்பக்கம் அந்த எழுத்தில் தொடங்கும், அவர் தினமும் சொல்கிற ஒரு சொல். அட்டைகளுக்கு மூன்று பெட்டி. புதியவை முதல் பெட்டியில், தினமும் பார்ப்பது. சரியாகச் சொன்ன அட்டை இரண்டாம் பெட்டிக்கு, மூன்று நாளுக்கு ஒருமுறை. அங்கேயும் சரியென்றால் மூன்றாம் பெட்டிக்கு, கிழமைக்கு ஒருமுறை. பிழைத்த அட்டை எங்கிருந்தாலும் முதல் பெட்டிக்குத் திரும்பும். ஜெர்மன்காரர் செபஸ்தியான் லைட்னர் 1970களில் பரப்பிய முறை இது, பிஸ்கற் பெட்டி மூன்று இருந்தால் போதும்.

தமிழருக்கு எங்கே இடறும் என்பதும் தெரிந்ததே. தமிழில் 'க' ஒன்றுதான், அது 'கடல்' என்பதில் ஒரு விதமாகவும் 'தங்கம்' என்பதில் வேறு விதமாகவும் ஒலிக்கும். சிங்களத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் இரண்டு எழுத்து. ட, த, ப எல்லாவற்றுக்கும் அப்படியே. இந்தச் சோடிகளை ஒரே நாளில் படிக்கக் கூடாது, ஒரு கிழமை இடைவெளி விட்டால் குழப்பம் குறையும். மாறாகக் கொம்பு நமக்கு இனாம். 'கொ' எழுதத் தமிழில் முன்னால் கொம்பும் பின்னால் அரவும் போடுவது போலவே சிங்களத்திலும் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி வரும், முன்னால் வருவதற்கு அங்கேயும் பெயர் கொம்புவ. அதனால் முதற் கிழமையிலேயே 'கொளம்ப' என்ற சொல்லை அட்டையில் போடலாம். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் வருகிறபோது பெயர்ப்பலகையின் மேல் வரியைத் தமிழ் வரி பார்க்காமல் வாசிப்பதுதான் பரீட்சை. பஸ் நகர்ந்துகொண்டிருக்கும், எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் போய்விடும். பின்னால் 101 வரும்.

கோடு விழாத நாள்

லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய பழக்கம் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைத் தரவில்லை. வீடுகளில் நடப்பது வேறு. தைப்பொங்கலுக்கோ காய்ச்சலுக்கோ இரண்டு நாள் நடை தவறினால், "பார்த்தீங்களே, விட்டிட்டீங்கள்" என்று ஒரு சொல் விழுகிறது, மூன்றாம் நாள் அவர் சப்பாத்தை உள்ளே எடுத்து வைத்துவிடுகிறார். தவறிய நாளுக்குக் கலண்டரில் 'த' போட்டு விட்டுவிடுங்கள், அடுத்த நாள் இரட்டிப்பு நடை வேண்டாம். காய்ச்சலுக்குப் பிறகு முதல் மூன்று நாள் பத்து நிமிடம் போதும், ஆனால் அதே தேவாரத்துக்குப் பிறகு, அதே வாசலால்.

ஒன்றை மட்டும் வீட்டில் உள்ளவர்கள் அமைதியாகக் கவனித்துக்கொள்ள வேண்டும். கலண்டரில் 'த' இருப்பது சுகமான மனிதரின் அடையாளம். 'ம' மெல்ல மெல்லக் கூடினாலோ, அதுவரை தவறாத பூசையிலும் 'ம' விழத் தொடங்கினாலோ, நடந்துவிட்டு வந்தவர் நடக்கவில்லை என்று எழுதினாலோ, அட்டையில் அதே பெயருக்கு ஒரே பின்னேரம் இரண்டு தடவை கோல் எடுத்தாலோ, ஒழுங்கைத் திருத்துவதால் அது சரிவராது. அந்தக் கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி, மடிக்காமல், டொக்டரிடம் கொண்டுபோங்கள். எந்த மாதத்தில் தொடங்கியது என்று அவர் கேட்பார், பதில் அதில் அப்பாவின் கையெழுத்திலேயே இருக்கும்.